மூக்குச்சளி பச்சையாக வந்தால் ஆன்டிபயாடிக் தேவையா?

டாக்டர், எனக்கு 36 வயது. போன வெள்ளிக்கிழமை தொண்டைக் கரகரப்போடு சளி பிடித்தது. முதல் இரண்டு நாள் காய்ச்சல் 100 வரை வந்தது, அப்புறம் இல்லை. திங்கட்கிழமையிலிருந்து மூக்குச்சளி மஞ்சளாக இருந்தது, இன்று வியாழன் காலையில் நல்ல பச்சையாக வருகிறது. நெற்றியும் கன்னமும் கனக்கிறது. ஆனால் ராத்திரி மூக்கடைப்பு முன்புபோல இல்லை, தூங்க முடிகிறது. மெடிக்கலில் கேட்டதற்கு, "பச்சையா வந்தா இன்ஃபெக்‌ஷன்தான்" என்று அசித்ரோமைசின் 500 மூன்று மாத்திரை கொடுத்தார்கள். போன வருஷம் இதே மாதிரி வந்தபோது இதைப் போட்டு மூன்றே நாளில் சரியாகிவிட்டது. இப்போதும் போடலாமா? சைனஸ் எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா? என் மாமியாருக்கு 67 வயது, சர்க்கரை இருக்கிறது. அவருக்கும் நேற்றிலிருந்து சளி. எங்களில் யார், எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?
– வாசகி, சேலம்

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த மூன்று மாத்திரையையும் இப்போது போட வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களை வைத்துப் பார்த்தால் இது வைரஸால் வந்த சாதாரணச் சளி, இறங்கவும் ஆரம்பித்துவிட்டது. எக்ஸ்ரேயும் தேவையில்லை. உங்களைவிட உங்கள் மாமியார் விஷயத்தில்தான் அதிகக் கவனம் வேண்டும். அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பச்சை நிறம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். பச்சையாக இருப்பது கிருமியின் நிறம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது நம் உடம்பின் நிறம். மூக்கின் உள்சவ்வில் ஏதாவது நோய்த்தொற்று வந்தால் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் ரத்தத்திலிருந்து அங்கே கூட்டமாக வந்து சேரும். கிருமியை அழிப்பதற்காக அவை தமக்குள் மயலோபெராக்ஸிடேஸ் என்ற நொதியை நிறைய வைத்திருக்கின்றன. இரும்புச்சத்து உள்ள இந்த நொதியின் இயல்பான நிறமே பச்சை. அணுக்கள் கொஞ்சமாக இருந்தால் சளி மஞ்சளாகத் தெரியும். நிறையச் சேர்ந்து, சிதைந்து, சளியோடு கலந்துவிட்டால் பச்சையாகத் தெரியும்.

இந்த அணுக்கள் பாக்டீரியா வந்தால் மட்டும் வருபவை அல்ல. சாதாரணச் சளியை உண்டாக்கும் ரைனோவைரஸ் வந்தாலும் இதே அணுக்கள்தான் வருகின்றன. ஆகவே பச்சை நிறம் "இங்கே சண்டை நடக்கிறது" என்று மட்டும்தான் சொல்லும், எதிரி யார் என்பதைச் சொல்லாது. பாக்டீரியா சைனஸ் தொற்றில் சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ இருப்பது வழக்கம்தான். ஆனால் நிறம் மாறிய சளியோடு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு பாக்டீரியா தொற்று இருப்பதில்லை. அதனால் நிறத்தை மட்டும் பார்த்து நான் மருந்துச்சீட்டு எழுதமாட்டேன்.

ஒரு சாதாரணச் சளியின் போக்கை நாள் நாளாகக் கவனித்தால் இது இன்னும் தெளிவாகும். முதல் இரண்டு நாள் மூக்கிலிருந்து தண்ணீராக ஒழுகும், தும்மல் வரும், தொண்டை கரகரக்கும், சிலருக்கு லேசான காய்ச்சலும் உடம்புவலியும் இருக்கும். மூன்றாம் நாள் வாக்கில் ஒழுகுவது குறைந்து சளி கெட்டிப்படும். நான்காம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை வெள்ளை, மஞ்சள், பச்சை என்று மாறும். பிறகு மறுபடி தெளிந்து, அளவும் குறைந்துவிடும். எந்த மருந்தும் போடாதவருக்கும் இப்படித்தான் நடக்கும். உங்களுக்கு வெள்ளி முதல் நாள் என்றால் திங்கள் நான்காம் நாள், வியாழன் ஏழாம் நாள். மஞ்சளும் பச்சையும் எந்த நாட்களில் வர வேண்டுமோ அந்த நாட்களில்தான் வந்திருக்கின்றன.

காலையில் அதிகப் பச்சையாக இருப்பதற்கும் காரணம் இருக்கிறது. இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது சளி வெளியேறாமல் தேங்கி, அதிலிருக்கும் நீர் வற்றிக் கெட்டியாகிவிடும். அணுக்களும் அதிலேயே சேர்ந்து நிற்பதால் காலையில் முதலில் சிந்துவதுதான் அன்றைய தினத்தின் மிக அடர்ந்த நிறமாக இருக்கும். இன்று மதியம் மூக்கைச் சிந்தும்போது கைக்குட்டையைப் பாருங்கள். பெரும்பாலும் காலையைவிட வெளிறித்தான் இருக்கும்.

நெற்றியும் கன்னமும் கனப்பதை வைத்தும் பாக்டீரியா என்று முடிவுகட்ட முடியாது. சளி பிடித்தால் மூக்கின் சவ்வு மட்டும் வீங்குவதில்லை. அதனோடு தொடர்ந்திருக்கும் சைனஸ் அறைகளின் சவ்வும் வீங்கி, அவற்றின் சிறு வாசல்களை அடைத்துவிடும். 1994-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு செய்தார்கள். சளி பிடித்துச் சில நாட்களே ஆன 31 பேருக்கு சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் 27 பேருக்குக் கன்னத்து சைனஸ் அறைகளில் மாற்றம் தெரிந்தது. அவர்களில் சிலருக்கு ஆன்டிபயாடிக் எதுவும் கொடுக்காமல் இரண்டு வாரம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்தபோது பெரும்பாலோருக்கு அது தானாகவே சரியாகியிருந்தது, அல்லது நன்றாகக் குறைந்திருந்தது. நீங்கள் இப்போது சைனஸ் எக்ஸ்ரே எடுத்தால், "இரு கன்ன சைனஸிலும் மங்கல்" என்று ரிப்போர்ட் வரத்தான் வாய்ப்பு அதிகம். அந்த மங்கல் வைரஸா பாக்டீரியாவா என்று எக்ஸ்ரேவுக்குத் தெரியாது. ஆனால் அந்த ஒரு வரியைப் படித்த பிறகு ஆன்டிபயாடிக் போடாமல் இருக்க யாருக்கும் மனம் வராது. அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

சரி, பாக்டீரியா தொற்று வரவே வராதா என்று கேட்டால், வரும். சளி பிடிக்கும் பெரியவர்கள் நூறு பேரில் அதிகபட்சம் இரண்டு பேருக்கு அது பாக்டீரியா சைனஸ் தொற்றாக மாறுகிறது. அந்த இரண்டு பேரைக் கண்டுபிடிக்க நாங்கள் பார்ப்பது சளியின் நிறத்தை அல்ல, நோய் போகும் பாதையை. அது மூன்று விதமாக இருக்கும்.

முதல் வகையில், பத்து நாள் ஆகியும் மூக்கடைப்பு, கெட்டிச் சளி, முகவலி எதுவும் கொஞ்சம்கூடக் குறைந்திருக்காது. இங்கே "கொஞ்சம்கூட" என்பதுதான் முக்கியம். சாதாரணச் சளியே சிலருக்கு இரண்டு வாரம் இழுக்கும். இருமல் அதற்கும் மேலே போகும். ஆனால் அது நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது வகையைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன், ஏனென்றால் நோயாளியே இதைத் தெளிவாகச் சொல்லிவிடுவார்: "ஐந்தாறு நாளில் நல்லாத்தான் ஆயிட்டேன் டாக்டர், வேலைக்குக்கூடப் போனேன், திடீர்னு மறுபடி காய்ச்சல் வந்து தலைவலி ஏறிடுச்சு." இறங்கிய நோய் மறுபடி ஏறுகிறது. வைரஸ் விட்டுச்சென்ற வீக்கத்தில் சைனஸின் வாசல் அடைபட்டு, உள்ளே தேங்கிய சளியில் பாக்டீரியா பெருகும்போது இப்படி ஆகும்.

மூன்றாவது வகை அவ்வளவாக வராது. ஆரம்பத்திலேயே 102 டிகிரிக்கு மேல் காய்ச்சல், சீழ் போன்ற சளி, முகத்தில் கடுமையான வலி, இவை மூன்று நான்கு நாள் விடாமல் இருக்கும்.

உங்கள் நோய் இந்த மூன்றிலும் சேரவில்லை. காய்ச்சல் 100-ஐத் தாண்டவில்லை, இரண்டு நாளில் போய்விட்டது, திரும்பி வரவில்லை. இரவில் தூங்க முடிகிறது. பச்சை நிறம், முகத்தின் கனம் இரண்டையும் தவிர உங்கள் கடிதத்தில் இருக்கும் மற்ற அடையாளங்கள் எல்லாம் நோய் இறங்குவதையே காட்டுகின்றன.

போன வருஷம் மூன்று நாளில் சரியானதாக எழுதியிருக்கிறீர்கள். அப்போது எத்தனையாவது நாளில் மாத்திரையை ஆரம்பித்தீர்கள் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். அனேகமாக இந்தத் தடவை போலவே, சளி பச்சையானதும் ஆறாவது அல்லது ஏழாவது நாளில் கடைக்குப் போயிருப்பீர்கள். சளி தானாகவே இறங்க ஆரம்பித்திருக்கும் நாட்கள் அவை. அங்கிருந்து மூன்று நாள் தாண்டினால் பத்தாவது நாள் வந்துவிடும். மாத்திரை போட்டாலும் போடாவிட்டாலும் பெரும்பாலோருக்குச் சளி விலகும் நேரம் அது. மாத்திரையும் இயற்கையும் ஒரே நேரத்தில் வேலை செய்ததுபோலத் தெரிகிறது, பெயர் மாத்திரைக்குப் போகிறது. இந்த அனுபவம் ஒரு தடவை கிடைத்துவிட்டால் அடுத்த சளிக்கும் அதே கடைக்குத்தான் கால் போகும்.

"போட்டால் என்ன, நஷ்டமா?" என்றும் கேட்கலாம். நஷ்டம் உண்டு. வயிற்றுப்போக்கு, குமட்டல், ஒவ்வாமை உடனே தெரிபவை. அசித்ரோமைசின் உடலின் திசுக்களில் பல நாட்கள் தங்கும் மருந்து. மூன்று நாளில் மாத்திரை முடிந்தாலும் மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தபடி உள்ளேயே இருக்கும். அந்த நாட்களில் உங்கள் தொண்டையிலும் மூக்கிலும் சும்மா இருக்கும் பாக்டீரியாக்களில் எவை இந்த மருந்துக்குப் பழகிக்கொள்கின்றனவோ அவைதான் மிஞ்சும். சைனஸ் தொற்றுக்கு முக்கியக் காரணமான நிமோகாக்கஸ் கிருமிகளில் கணிசமானவை ஏற்கெனவே இந்த மருந்துக்குக் கட்டுப்படுவதில்லை. அதனால் உண்மையான பாக்டீரியா சைனஸ் தொற்று என்று உறுதியானாலும் நாங்கள் முதலில் எழுதுவது அசித்ரோமைசின் அல்ல. பென்சிலின் ஒவ்வாமை இல்லாதவருக்கு அமாக்ஸிசிலின், அல்லது அதோடு கிளாவுலனிக் அமிலம் சேர்ந்த மாத்திரை, பெரியவர்களுக்குப் பொதுவாக ஐந்து முதல் ஏழு நாட்கள். வயது, சிறுநீரக நிலை, வேறு மாத்திரைகள் எல்லாவற்றையும் பார்த்துத்தான் அதை எழுத வேண்டும். மெடிக்கலில் கேட்டு வாங்கும் மருந்து அல்ல அது.

அடுத்த சில நாட்களுக்கு நீங்கள் செய்யக்கூடியதில் அதிகம் உதவுவது உப்புத்தண்ணீரால் மூக்கைக் கழுவுவது. கால் லிட்டர் தண்ணீரை நன்றாகத் தளதளவெனக் கொதிக்கவிட்டு, மூடி வைத்து, வெதுவெதுப்பாக ஆறவிடுங்கள். அதில் அரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவாகத் தூள் உப்பைக் கரையுங்கள். ஊசி இல்லாத சிரிஞ்சிலோ, மருந்துக்கடையில் கிடைக்கும் மூக்கு கழுவும் பாட்டிலிலோ எடுத்துக்கொண்டு, வாஷ்பேசின் மேல் முன்னால் குனிந்து, தலையைச் சற்றுச் சாய்த்து, வாயால் மூச்சு விட்டபடி மேலே இருக்கும் துவாரத்தில் மெதுவாகச் செலுத்துங்கள். மறு துவாரம் வழியாகச் சளியோடு வெளியே வரும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை போதும். குழாய்த் தண்ணீரையோ கிணற்றுத் தண்ணீரையோ கொதிக்க வைக்காமல் ஒருபோதும் மூக்கில் விடாதீர்கள். மூளையைத் தாக்கும் நெய்க்ளேரியா என்ற அமீபா அப்படித்தான் உள்ளே நுழைகிறது. அரிதுதான், ஆனால் வந்தால் உயிர் பிழைப்பது மிகக் கடினம்.

மூக்கடைப்புக்கு ஆக்ஸிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்துகள் சில நிமிடங்களில் திறந்துவிடும். படுக்கப் போகும் முன் போட்டுக்கொள்ளலாம், ஆனால் ஐந்து நாளுக்கு மேல் வேண்டாம். அதைத் தாண்டினால் மருந்தின் வேகம் இறங்கியதும் மூக்கு முன்னைவிட அதிகமாக அடைக்கும். அதற்கு மறுபடி மருந்து, மறுபடி அடைப்பு என்று மாதக்கணக்கில் சிக்கிக்கொண்டவர்களை வாராவாரம் பார்க்கிறேன். வலிக்குப் பாரசிட்டமால் போதும். கடையில் தரும் சளி மாத்திரைகள் பலவற்றில் பாரசிட்டமால் ஏற்கெனவே இருக்கும் என்பதால் இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள். ஆவி பிடித்தால் இதமாக இருக்கிறது என்றால் பிடியுங்கள். சைனஸ் தொற்றை அது குணமாக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் கொதிக்கும் பாத்திரத்தைச் சுற்றி அவர்கள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தீக்காயங்கள் சளியைவிட நூறு மடங்கு மோசம். நீர்க்கோவை மாத்திரையை இழைத்து நெற்றியில் பற்றுப் போடும் பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், தோலில் எரிச்சல் இல்லாதவரை நான் தடுக்கமாட்டேன். கண்ணில் படக்கூடாது, அவ்வளவுதான்.

வரும் ஞாயிறு உங்களுக்குப் பத்தாவது நாள். அதற்குள் சளி முழுதும் போயிருக்க வேண்டும் என்பதில்லை, குறைந்திருந்தால் போதும். கொஞ்சமும் குறையவில்லை என்றாலோ, இடையில் காய்ச்சல் திரும்பி வந்தாலோ திங்கட்கிழமை மருத்துவரைப் பாருங்கள். அப்போதும் அவர் உடனே ஆன்டிபயாடிக் எழுதாமல் சில நாள் பார்ப்போம் என்று சொல்லக்கூடும். பாக்டீரியா தொற்றிலும் பலருக்கு அது தானாகவே ஆறுகிறது என்பதால் அது சரியான வைத்தியம்தான். வலியும் சளியும் ஒரே பக்கம் மட்டும், கெட்ட வாடையோடு என்றால் மேல் கடைவாய்ப் பற்களில் சொத்தையோ வலியோ இருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள். அந்தப் பல்லின் வேர்நுனி கன்னத்து சைனஸின் தரையை ஒட்டியே இருக்கிறது. பல்லைக் கவனிக்காமல் சைனஸுக்கு எத்தனை மாத்திரை போட்டாலும் அது திரும்பத் திரும்ப வரும்.

இனி உங்கள் மாமியார். அவருக்கும் இப்போது பிடித்திருப்பது உங்களிடமிருந்து ஒட்டிய அதே வைரஸாகத்தான் இருக்கும், அவர் சளியும் இரண்டு மூன்று நாளில் மஞ்சளாகும். அதற்காக அவருக்கும் அசித்ரோமைசின் வேண்டாம். அவர் இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும், ஏனென்றால் அந்த மருந்து சிலருக்கு இதயத்துடிப்பின் சீரைக் குலைக்கக்கூடும். மருந்துக்கடையில் நான்கைந்து மாத்திரைகளைப் பிரித்துச் சிறு கவரில் போட்டு, காலை ஒன்று ராத்திரி ஒன்று என்று தருகிறார்களே, அதை அவருக்கு வாங்கித் தரவே தராதீர்கள். அந்தக் கவரில் ஒரு குட்டி ஸ்டீராய்டு மாத்திரை இருப்பது சகஜம். அது சளியை ஒரே நாளில் அடக்கிக் காட்டும், கூடவே ரத்தச் சர்க்கரையையும் தூக்கிவிடும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது மியூகோர்மைகோசிஸ் என்ற கரும்பூஞ்சை நோயில் கண்ணையும் உயிரையும் இழந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டவர்கள். கொரோனாவுக்கு முன்பும் அந்த நோய் இருந்தது, இன்றும் இருக்கிறது. அது மூக்கில்தான் தொடங்கும், தொடக்கத்தில் சாதாரண சைனஸ் தொல்லை போலவே இருக்கும். அதனால் அவருக்குச் சளி இருக்கும் வரை சர்க்கரையை வீட்டிலேயே தினமும் பாருங்கள். வழக்கத்தைவிட ஏறினால் அவர் சர்க்கரை மருத்துவரிடம் கேளுங்கள். அவருக்குப் பத்து நாள் காத்திருக்கும் கணக்கு பொருந்தாது. ஒரு பக்கக் கன்னம் மரத்துப்போவது, ஒரு பக்கம் மட்டும் விடாத முகவலி, மூக்கிலிருந்து கறுப்பாகவோ ரத்தம் கலந்தோ வடிவது, மேலண்ணத்தில் கறுத்த திட்டு, திடீரெனப் பல் ஆடுவது, இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே காது மூக்கு தொண்டைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே மூக்கினுள் எண்டோஸ்கோப் விட்டுப் பார்ப்பார்கள். இந்த நோயில் ஒரு நாள் தாமதமும் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும்.

உங்களுக்கோ அவருக்கோ கண்ணிமை சிவந்து வீங்கினாலும், பார்வை மங்கினாலும், ஒன்று இரண்டாகத் தெரிந்தாலும், நெற்றி புடைத்து வீங்கினாலும், தாங்கமுடியாத தலைவலியோடு கழுத்தை அசைக்க முடியாமல் போனாலும், பேச்சில் குழப்பம் தெரிந்தாலும் எத்தனையாவது நாள் என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். அப்போதே, இரவானாலும், அவசரப் பிரிவுக்குப் போங்கள். சைனஸுக்கும் கண்குழிக்கும் நடுவே இருப்பது காகித அளவு மெல்லிய எலும்புதான்.

மருத்துவரிடம் போவதாக இருந்தால் சளி எந்தத் தேதியில் ஆரம்பித்தது, காய்ச்சல் எந்த நாட்களில் எவ்வளவு இருந்தது, எந்த நாளில் குறைந்தது, மறுபடி ஏறியதா, இதுவரை போட்ட மாத்திரைகள் என்ன, மாமியார் என்றால் அந்த நாட்களின் சர்க்கரை அளவு என்ன என்று ஒரு சீட்டில் எழுதி எடுத்துப்போங்கள். அந்த மூன்று அசித்ரோமைசினைப் பிரிக்காத அட்டையாக இருந்தால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இன்னொரு சளிக்கு ஆகும் என்று வீட்டில் எடுத்துவைக்க வேண்டாம்.